கலவை மாறுபாடு சாதகம், விளைச்சல் மாறுபாடு பாதகம்: யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: "மூன்று மூலப்பொருட்களை உலர்த்திக் கலந்து ஒரே பொருளாக ஆக்குகிறோம். விலை ஏறிய பொருளைக் கொஞ்சம் குறைத்து மலிவானதைக் கூட்டினோம். அந்த மாதம் கலவை மாறுபாடு 2,400 சாதகம், விளைச்சல் மாறுபாடு 1,200 பாதகம். லாபம் எங்களால் வந்தது என்கிறது கொள்முதல் பிரிவு. மலிவான பொருளால்தான் விளைச்சல் குறைந்தது என்கிறது உற்பத்திப் பிரிவு. யார் சொல்வது சரி?"

இரண்டு பிரிவுகளும் தங்கள் பங்குக்கு ஓரளவு சரியாகவே சொல்கின்றன. ஆனால் உங்கள் அறிக்கையில் உள்ள இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. நிர்ணயித்த விகிதத்திலிருந்து விலகிப் பொருட்களைக் கலந்ததால் வரும் செலவு வித்தியாசம் கலவை மாறுபாடு; போட்ட எடைக்கு நிர்ணயித்ததைவிடக் கூடவோ குறையவோ பொருள் கிடைத்ததால் வருவது விளைச்சல் மாறுபாடு. இவை கணக்கில் இரண்டு வரிகளாக நின்றாலும், மாற்றுப் பொருள் போட இடமுள்ள ஆலையில் பெரும்பாலும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள். மலிவான பொருளைக் கூட்டும் முடிவு கலவை வரியில் உடனே லாபமாகத் தெரியும்; அதே முடிவு உண்டாக்கிய நட்டத்தின் ஒரு பகுதி விளைச்சல் வரியில் போய் அமர்ந்துகொள்ளும். ஆகவே முதலில் விளைச்சல் மாறுபாட்டை இரண்டாக உடைக்க வேண்டும்: கலவை மாறியதால் எதிர்பார்க்க வேண்டிய குறைவு எவ்வளவு, அதற்கு மேல் ஆலையில் நேர்ந்த குறைவு எவ்வளவு? அடக்கவிலைக் கணக்கில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இதை எப்படிச் செய்வது என்பதையும், இதில் எது உறுதி எது ஊகம் என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் இரண்டு எண்களுக்கும் பொருந்தும்படி ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். பொருட்களுக்கு க, ச, த என்று பெயர் வைக்கிறேன். விலைகளை நாணயத்தின் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். முன்கூட்டியே வகுத்துக்கொண்ட நிர்ணயக் கலவையில் 100 கிலோவுக்கு க 50 கிலோ, ச 30 கிலோ, த 20 கிலோ. நிர்ணய விலை கிலோவுக்கு முறையே 36, 22, 12. ஆக 100 கிலோ மூலப்பொருளின் அடக்கம் 2,700. உலர்த்துவதிலும் கலப்பதிலும் 10 கிலோ குறையும் என்று ஏற்றுக்கொண்டிருப்பதால் கிடைப்பது 90 கிலோ. எனவே தயாரான பொருளின் நிர்ணய அடக்கம் கிலோவுக்கு 30. இனி அந்த மாதத்தில் உண்மையில் நடந்தது: க 900, ச 600, த 500, ஆக 2,000 கிலோ உள்ளே போனது, 1,760 கிலோ வெளியே வந்தது.

அந்த 2,000 கிலோவையும் நிர்ணயக் கலவையிலேயே போட்டிருந்தால் க 1,000, ச 600, த 400 என்று இருந்திருக்கும். க 100 கிலோ குறைந்ததால் 3,600 மிச்சம். த 100 கிலோ கூடியதால் 1,200 செலவு. நிகரம் 2,400 சாதகம். இதுவே கலவை மாறுபாடு. அடுத்து, 2,000 கிலோவிலிருந்து 1,800 கிலோ வந்திருக்க வேண்டும். 40 கிலோ குறைந்தது. கிலோவுக்கு 30 வீதம் 1,200 பாதகம். இதுவே விளைச்சல் மாறுபாடு. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 1,760 கிலோவுக்கு அனுமதிக்கப்பட்ட அடக்கம் 52,800. உண்மையில் போட்ட பொருட்களை நிர்ணய விலையில் மதிப்பிட்டால் 51,600. வித்தியாசம் 1,200 சாதகம். கலவையும் விளைச்சலும் சேர்ந்த பயன்பாட்டு மாறுபாடு என்பது இதுதான். மேலே கண்ட இரண்டின் நிகரத்தோடு இது ஒத்துப்போகிறது. இதுவரை சொன்னது வெறும் கூட்டல் கழித்தல்; இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் அனைத்தும் காரணம் கேட்கும்போதுதான் தொடங்குகிறது.

காரணத்துக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டங்களில் நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கலவை மாறுபாட்டைப் பொருள்வாரியாகப் பிரிக்க இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஒவ்வொரு பொருளின் சொந்த நிர்ணய விலையால் பெருக்கும் முறையில், மேலே பார்த்தபடி, த-வின் வரி 1,200 பாதகம். கலவையின் சராசரி விலையோடு ஒப்பிடும் முறையில் சராசரி 27. த-வின் விலை அதைவிட 15 குறைவு. அதில் 100 கிலோ கூடுதலாகப் போட்டதால் அதே வரி 1,500 சாதகம். க-வின் வரி முதல் முறையில் 3,600 சாதகம், இரண்டாவதில் 900 சாதகம். மொத்தம் இரண்டிலும் 2,400 தான். ஒரே செயல் ஒரு முறையில் பாதகமாகவும் மறுமுறையில் சாதகமாகவும் தெரிகிறது என்றால், அந்தத் தனி வரிக்குத் தனியே பொருள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்த எடையை மாற்றாமல் ஒரு பொருளைக் குறைத்தால் மற்றொன்று கூடியே ஆக வேண்டும். எனவே கலவை மாறுபாட்டின் மொத்தத்தை மட்டும் விவாதியுங்கள், "த-வில் ஏன் பாதகம்?" என்று யாரையும் நிறுத்திக் கேட்காதீர்கள்.

இனி, மாற்றுக் கலவை லாபம்தானா என்ற கேள்வி. இதற்கு மாறுபாடுகளைவிட நேரான ஒரு வழி உண்டு. புதிய கலவை 100 கிலோவுக்கு க 45, ச 30, த 25. நிர்ணய விலையில் இதன் அடக்கம் 2,580. பழைய கலவையில் தயாரான பொருள் கிலோவுக்கு 30 ஆயிற்று. 2,580-ஐ 30-ஆல் வகுத்தால் 86. அதாவது புதிய கலவையின் விளைச்சல் 86 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை மாற்றம் லாபம்; அதற்குக் கீழே போனால் மலிவான பொருள் போட்டதே வீண். உங்களுக்குக் கிடைத்தது 88 சதவீதம். எனவே நிர்ணய விலையில் பார்த்தால் முடிவு சரியானதே. இந்த 86 என்ற எண்ணை, கலவையை மாற்றுவதற்கு முன்பே கணக்கிட்டு ஆலைக்குச் சொல்லியிருக்க முடியும். கலவை மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டு வரும் எந்தத் தாளிலும் இந்தச் சமன் விளைச்சல் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மாத முடிவில் மாறுபாடு பார்த்துச் சண்டையிடுவதில் பாதி இதனாலேயே இல்லாமல் போகும்.

ஆனால் "நிர்ணய விலையில் பார்த்தால்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கொள்முதல் பிரிவு க-வைக் குறைத்ததே அதன் விலை ஏறியதால்தான். க-வின் சந்தை விலை 39 என்று வைத்துக்கொள்வோம். அப்போது பழைய கலவை 100 கிலோவுக்கு 2,850, புதியது 2,715. சமன் விளைச்சல் 85.7 சதவீதமாக இறங்குகிறது. அறிக்கை காட்டும் நிகர 1,200 சாதகம், இன்றைய விலையில் ஏறத்தாழ 1,430 ஆகிறது. இங்கே அறிக்கை லாபத்தைக் குறைத்துச் சொன்னது. அதனால் பெரிய தீங்கில்லை. இதன் மறுபக்கம்தான் அபாயமானது. க 30-க்கு இறங்கி, எல்லோரும் தேடிப் போனதால் த 20-க்கு ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். பழைய கலவை 2,560, புதியது 2,510, சமன் விளைச்சல் 88.2 சதவீதம். உங்கள் 88 சதவீதம் இப்போது நட்டம். ஆனால் மாறுபாட்டு அறிக்கை பழைய 36, 22, 12 விலைகளையே பயன்படுத்துவதால், அதே 2,400 சாதகத்தையும் அதே 1,200 பாதகத்தையும் மாதந்தோறும் அச்சடித்துக்கொண்டே இருக்கும். வாங்கிய விலைக்கும் நிர்ணய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் விலை மாறுபாட்டு வரி மாறும் என்றாலும், கலவையைத் திருப்பி மாற்ற வேண்டும் என்று அந்த வரி யாருக்கும் சொல்லாது. மூலப்பொருட்களின் விலை அடிக்கடி ஆடும் ஆலையில், கலவை முடிவை நிர்ணய விலையால் மதிப்பிடக் கூடாது. இன்று வாங்கினால் என்ன விலையோ அதனால் சமன் விளைச்சலைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

இப்போது உங்கள் இரு பிரிவுகளின் வழக்குக்கு வருகிறேன். 40 கிலோ குறைந்ததில் எவ்வளவு கலவையால், எவ்வளவு ஆலையால்? இதற்கு மாறுபாட்டுச் சூத்திரத்தில் விடை கிடையாது. த கூடினால் விளைச்சல் எப்படிக் குறைகிறது என்று ஆலையிலிருந்தே அறிய வேண்டும். சிறந்த வழி, கலவையை மாற்றுவதற்கு முன் சில சோதனை பேட்ச்கள் ஓட்டுவது. அவற்றில், க-வில் 5 பங்கைக் குறைத்து த-வில் 5 பங்கைக் கூட்டும்போது விளைச்சல் 90-இலிருந்து 88.8-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,000 கிலோவிலிருந்து நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது 1,776 கிலோ. 1,800-க்கும் 1,776-க்கும் இடையிலான 24 கிலோ, அதாவது 720, கலவை முடிவின் விலை. அதை உற்பத்திப் பிரிவின் தலையில் வைக்கக் கூடாது. 1,776-க்கும் 1,760-க்கும் இடையிலான 16 கிலோ, அதாவது 480, வேறு காரணத்தால் வந்தது. ஆக, கலவை முடிவின் உண்மையான பலன் 2,400 அல்ல, 1,680. ஆலை விளக்க வேண்டியது 1,200 அல்ல, 480. மொத்தம் முன்போலவே 1,200 சாதகம்தான். ஆனால் கொள்முதல் பிரிவு சொல்லிக்கொள்ளும் தொகையும் உற்பத்திப் பிரிவு பதில் சொல்ல வேண்டிய தொகையும் இரண்டுமே சுருங்கிவிட்டன.

சோதனை பேட்ச்கள் ஓட்டவில்லை என்றால், நடந்து முடிந்த மாதத்தின் பேட்ச் பதிவுத்தாள்களே உங்களுக்கு மிஞ்சிய ஆதாரம். மாத மொத்தத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பேட்சிலும் த எத்தனை பங்கு, விளைச்சல் எத்தனை சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். த மிகுந்த பேட்ச்களில் மட்டும் விளைச்சல் தாழ்ந்திருந்தால் உற்பத்திப் பிரிவின் பக்கம் வலுவாகிறது. நிர்ணயக் கலவையில் ஓடிய பேட்ச்களிலும் அதே அளவு தாழ்ந்திருந்தால் காரணம் கலவை அல்ல. ஒரு குறிப்பிட்ட ஷிப்டிலோ ஓர் உலர்த்தியிலோ மட்டும் தாழ்ந்திருந்தால் தேட வேண்டிய இடம் அங்கே. இதில் ஒரு கண்ணி உண்டு: த மிகுந்த பேட்ச்கள் அனைத்தும் ஒரே ஷிப்டில் ஓடியிருந்தால், தாழ்வு கலவையாலா ஷிப்டாலா என்று அந்தத் தாள்களிலிருந்து எந்தக் கணக்காலும் பிரித்தெடுக்க முடியாது. அடுத்த மாதம் அதே கலவையை இரண்டு ஷிப்டிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. மேலும், 5 பங்கு மாற்றத்தில் 1.2 சதவீதம் குறைந்ததால் 10 பங்கு மாற்றத்தில் 2.4 தான் குறையும் என்று நீட்டிச் சொல்லாதீர்கள். பல கலவைகளில் ஒரு வரம்புவரை மெல்லக் குறைந்து, அதன் பின் சட்டென்று சரியும். சோதித்த எல்லைக்கு அப்பால் அந்த விகிதம் வெறும் ஊகம்.

மீந்து நிற்கும் 16 கிலோவையும் ஆலையின் கவனக்குறைவு என்று உடனே எழுதிவிட வேண்டாம். உலர்த்தும் ஆலையில் நான் முதலில் கேட்பது ஈரப்பதம். த 12 சதவீத ஈரத்தோடு வரும் என்று நிர்ணயித்திருக்க, வந்த சரக்கில் 14 சதவீதம் இருந்ததாகக் கொள்ளுங்கள். 500 கிலோவில் 2 சதவீதம் என்றால் 10 கிலோ கூடுதல் தண்ணீர். அது எடைமேடையில் மூலப்பொருளாக எடை போடப்பட்டது, த-வின் விலை கொடுத்து வாங்கப்பட்டது, உலர்த்தியில் ஆவியாகப் போனது. தயாரான பொருளின் ஈரம் ஒரே அளவில் நிறுத்தப்படுவதால், விளைச்சல் ஏறத்தாழ 10 கிலோ குறைந்தே தீரும். ஆலையில் யாரும் ஒரு பிடி பொருளைக்கூடச் சிந்தவில்லை. 16 கிலோவில் 10 கிலோ இப்படிப் போயிருந்தால், 480-இல் ஏறத்தாழ 300 மீண்டும் கொள்முதல் பக்கம் திரும்புகிறது. ஆனால் இம்முறை காரணம் கலவை முடிவு அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட தரம். தீர்வும் வேறு: ஈரம் மிகுந்தால் விலையில் கழிக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் வேண்டும். ஈரம் ஏறி இறங்கும் பொருட்களுக்கு உள்ளே போகும் எடையை உலர் எடையாக மாற்றிய பிறகே கலவை, விளைச்சல் இரண்டையும் கணக்கிடுவது நல்லது. அப்படிச் செய்யும்போது நிர்ணய அளவுகளையும் விலைகளையும் உலர் எடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் புதிய போலி மாறுபாடு பிறக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மாத முடிவின் எடை. கலவைத் தொட்டியின் அடியிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும் பொருள் இந்த மாதம் உள்ளே போனதாகப் பதிவாகி, அடுத்த மாதம்தான் வெளியே வந்ததாகப் பதிவாகும். 16 கிலோவில் மீதமுள்ள 6 கிலோ அப்படித் தங்குவது அரிதான செய்தி அல்ல. இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு: ஒரு மாதம் விளைச்சல் தாழ்ந்து அடுத்த மாதம் அதே அளவு உயர்ந்தால், அது பெரும்பாலும் உண்மை இழப்பு அல்ல, கணக்கு வெட்டிய இடத்தின் விளைவு. இரண்டு மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது தானாகக் கரைந்துவிடும். உண்மையான இழப்பு கரையாது.

இந்த மாறுபாடுகளால் காண முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விளைச்சல் மாறுபாடு வெளியே வந்த 1,760 கிலோவும் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்கிறது. த கூடியதால் பொருளின் நிறமோ வலுவோ தாழ்ந்து, வாங்கியவர் திருப்பி அனுப்பினாலோ விலை குறைத்துக் கேட்டாலோ, அது பயன்பாட்டு மாறுபாட்டில் வரவே வராது. வேறொரு மாதத்தில், விற்பனைக் கணக்கில், வேறொருவரின் பொறுப்பாக வரும். 1,680 மிச்சம் என்பதை முடிந்த முடிவாக ஏற்பதற்கு முன், அந்த மாதத்துப் பேட்ச் எண்கள் கொண்ட சரக்கில் எவ்வளவு திரும்பியது என்று தனியே கேட்டறிய வேண்டும். என் அனுபவத்தில் மாற்றுக் கலவையின் மிச்சத்தை மிகுதியாகத் தின்பது இந்த வரிதான், விளைச்சல் அல்ல. ஆனால் இது என் அனுபவம் மட்டுமே, உங்கள் பொருளுக்கும் அப்படித்தான் என்று உறுதி கூற மாட்டேன்.

புதிய கலவையைத் தொடரப் போகிறீர்கள் என்றால் நிர்ணயத்தை மாற்றிவிடுங்கள். க 45, ச 30, த 25, விளைச்சல் 88.8 என்று வைத்தால், பழைய நிர்ணய விலைகளிலேயே கிலோவுக்கு அடக்கம் 29.05 ஆகிறது. அதன் பிறகு கலவை மாறுபாடு மாதந்தோறும் பழைய முடிவுக்கே பாராட்டு வாங்கிக்கொண்டிருக்காது. விளைச்சல் வரியில் மிஞ்சுவதும் ஆலையும் சரக்கின் தரமும் விளக்க வேண்டியது மட்டுமாக இருக்கும். மாறாக, உங்கள் பொருளில் ஏதேனும் ஒரு மூலப்பொருளை மற்றொன்றால் ஈடுசெய்யவே முடியாது என்றால், அதைக் கலவை மாறுபாட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, அதற்கு மட்டும் சாதாரணப் பயன்பாட்டு மாறுபாடு போதும். மாற்றிப் போட இடமில்லாத பொருளுக்குக் கலவை மாறுபாடு கணக்கிட்டால், அளவுப் பிழையும் கசிவும் கலவை முடிவு போல வேடம் போடும்.

எனவே இரு பிரிவுகளையும் மீண்டும் உட்கார வைப்பதற்கு முன் மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்: பேட்ச்வாரியாகக் கலவையும் விளைச்சலும், த வந்து இறங்கிய ஒவ்வொரு லோடின் ஈரப்பத அளவு, மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் தொட்டிகளில் நின்ற எடை. இவற்றை இங்கே பதிவிட்டால், உங்கள் 1,200-ஐ நான் மேலே செய்தது போல உடைத்துக் காட்ட முடியும்.